நள்ளிரவில் கதவை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள்: வாடகை வீட்டில் இருப்பவர் அடுத்த நான்கு வாரங்களில் செய்ய வேண்டியவை

போன வருடம் ஒரு வியாழன் இரவு, மணி இரண்டு நாற்பது. எங்கள் வீட்டுப் பின்கதவில் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கணவர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தார். வீட்டில் நானும் அம்மாவும் நான்கு வயது மகளும்தான். சமையலறை விளக்கைப் போட்டதும் யாரோ பின்சந்தில் ஓடி, கால்வாயைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றும் திருடு போகவில்லை. ஆனால் கதவு மூடவே மாட்டேன் என்றது.

நாங்கள் இருப்பது பேராக்கில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த சின்ன ஊர். லயத்து வீடுகளை விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் இங்குள்ள தாமான்களில் மலிவு விலை வீடு வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன பிறகு அந்த வீடுகள் வாடகைக்கு வந்தன. அதனால் இங்கே வீட்டுக்காரர் பெரும்பாலும் முகம் தெரிந்தவராகத்தான் இருப்பார். ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டு, “இன்றைக்கே கதவைச் சரி செய்து கொடுங்கள்” என்று கறாராகக் கேட்க வாய் வராது. எனக்கும் வரவில்லை. அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம்

ஆள் ஓடிவிட்டான் என்று தோன்றினாலும் பின்கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் ஓர் அறைக்குள் கூட்டி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டு, 999-ஐக் கூப்பிடுங்கள். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார்கள், “போலீஸ்” என்று சொல்லுங்கள். அடுத்து முகவரி. நம் பக்கத்து ஊர்களில் நேரம் வீணாவது இங்கேதான். ஒரே பெயரில் இரண்டு தாமான்கள் இருக்கும், ஜாலான் எண் ஒன்றாகவும் லோரோங் எண் வேறாகவும் இருக்கும். வீட்டு எண், லோரோங், தாமான், ஊர், அப்புறம் ஓர் அடையாளம் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். “தமிழ்ப்பள்ளிக்குப் பின்வரிசை, மூலை வீடு” என்றால் ரோந்துக் கார் நேராக வந்துவிடும். முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள். நடுக்கத்தில் சொந்த வீட்டு எண்கூட மறந்துபோகும். என் அம்மாவுக்கு அன்று மறந்தது.

போலீஸ்காரர்கள் வரும்வரை கதவைத் தொடாதீர்கள், விழுந்து கிடக்கும் எதையும் எடுக்காதீர்கள். எங்கள் வாசலில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. அம்மா அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனார், தடுத்துவிட்டேன். கைரேகை கிடைக்க வாய்ப்பு இருந்தால் அது அந்தப் பிடியில்தான் இருக்கும்.

கதவைப் படமெடுப்பது

வெறுமனே நாலு படம் எடுத்தால் போதாது. நேருக்கு நேராக பிளாஷ் போட்டு எடுத்தால் மரத்தில் உள்ள தழும்பு தட்டையாகி, படத்தில் ஒன்றுமே தெரியாது. இன்னொருவர் டார்ச்சைக் கதவை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு நெம்பலும் நிழலோடு பள்ளமாகத் தெரியும். தழும்பை ஒட்டி ஒரு இருபது சென் காசைப் பிடித்துக்கொண்டால் பள்ளம் எவ்வளவு பெரியது என்பதும் படத்திலேயே பதிவாகிவிடும்.

முதலில் தள்ளி நின்று கதவு முழுவதும், பிறகு பூட்டுப் பக்கம், பிறகு நிலைச்சட்டம். நிலைச்சட்டத்தை யாரும் படமெடுப்பதில்லை, எல்லோருக்கும் கண் பூட்டின் மேல்தான். ஆனால் எங்கள் வீட்டில் பூட்டு உடையவே இல்லை. குமிழ்ப் பூட்டு அப்படியே இருந்தது, சாவி போட்டால் திரும்பியது. உடைந்தது எதிரே இருந்த நிலை. பூட்டின் நாக்கு போய் உட்காரும் சின்னத் தகடு இரண்டு அரை அங்குலத் திருகுகளோடு பிய்ந்து தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் மரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. இந்த ஒரு படம்தான் பின்னால் வீட்டுக்காரரோடு நடந்த பேச்சையே மாற்றியது.

விடியும் வரை

போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு வீட்டை எப்படியாவது அடைக்க வேண்டும். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுப்பது வழுவழுப்பான சிமெண்டுத் தரையில் நிற்காது, வழுக்கிவிடும். கதவுக்கு இரும்பு கிரில் இருந்தால் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் சங்கிலிப் பூட்டை கிரில் கம்பியிலும் கொண்டியிலும் சுற்றிப் பூட்டுங்கள். கிரில் இல்லையென்றால், கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், அரிசி மூட்டையோ தண்ணீர் நிரப்பிய கேன்களோ ஏற்றிய மேசையைக் கதவோடு ஒட்டித் தள்ளி வையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. உள்ளிருந்து பூட்டிய கிரில்லின் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். தீப்பிடித்தால் அந்தச் சாவியைத் தேடும் நேரத்தில் புகை மூச்சை அடைத்துவிடும். கிரில்லுக்கு உள்ளே, வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

சமையலறையில் அடுக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதையும் பாருங்கள். அலுமினியக் கொக்கியைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கண்ணாடிப் பட்டையை ஓசையில்லாமல் உருவிவிடலாம். கதவில் தோற்றவன் அடுத்து அங்கேதான் கை வைப்பான். வெளியே கம்பி இல்லாத ஜன்னலாக இருந்தால், உள்பக்கத் திட்டில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி வையுங்கள். அது தடுக்காது, ஆனால் விழுந்தால் உங்களை எழுப்பும்.

போலீஸ் ரிப்போர்ட்

ரோந்துக் கார் வந்து போனது வேறு, ரிப்போர்ட் வேறு. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். “போலீஸ் வந்து பார்த்துவிட்டதே” என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் பாலாய்க்குப் போய், ஐசியைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, அது பதிவாகி, எண் போட்ட நகல் உங்கள் கைக்கு வந்தால்தான் அது ரிப்போர்ட். காசு கிடையாது. எந்த பாலாயிலும் கொடுக்கலாம், சம்பவம் நடந்த வட்டாரத்துக்கு அவர்கள் அனுப்பிக்கொள்வார்கள். தாமான் முனையில் இருக்கும் சின்ன போலீஸ் பொண்டோக் இரவில் பூட்டியிருக்கலாம், ஆகவே நேராக ஊர் பாலாய்க்குப் போங்கள்.

“என்ன காணாமல் போனது?” என்று கேட்பார்கள். “ஒன்றும் இல்லை” என்று சொல்லும்போது நமக்கே குரல் இறங்கிவிடும், ஏதோ வீணாகத் தொந்தரவு கொடுக்கிற மாதிரி. அப்படி நினைக்காதீர்கள். திருட வீடு உடைத்துப் புகுவது குற்றவியல் சட்டத்தில் குற்றம், அதற்கு முயல்வதும் குற்றம். இரவில் வீடு உடைப்பதற்கு 457ஆம் பிரிவு, குற்றம் செய்ய முயல்வதற்கு 511ஆம் பிரிவு. பிரிவு எண்ணை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அது அவர்கள் வேலை. நீங்கள் சொல்ல வேண்டியது, இது வெறும் ‘பழுதான கதவு’ அல்ல, உள்ளே புக நடந்த முயற்சி என்பதைத்தான்.

ரிப்போர்ட் மலாயில்தான் எழுதப்படும். நம் பெரியவர்கள் திணறுவது இங்கேதான், அவர்களுக்காக மூன்று தொடர்கள். “சுபாஆன் பெச்சா ரூமா” என்றால் வீடு உடைக்க முயற்சி. “பிந்து பெலாகாங் டிஉம்பில்” என்றால் பின்கதவை நெம்பியிருக்கிறார்கள். “தியாடா பாராங் யாங் ஹிலாங்” என்றால் எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. நேரம், எந்தக் கதவு, எது உடைந்தது, எதை விட்டுவிட்டுப் போனான், ஆளைப் பார்த்தீர்களா இல்லையா, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துப் பாருங்கள், அல்லது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என் ரிப்போர்ட்டில் முதலில் ‘முன்கதவு’ என்று பதிவாகியிருந்தது. சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள். அப்படியே வந்திருந்தால் நான் எடுத்த பின்கதவுப் படங்களுக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒட்டாமல் போயிருக்கும்.

காணாமல் போகாத நகையைச் சேர்த்து எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய் ரிப்போர்ட் தனிக் குற்றம், உண்மையாக நடந்ததையும் அது கெடுத்துவிடும்.

வீட்டுக்காரருக்குச் செய்தி

விடிந்ததும் முதலில் போன் செய்யுங்கள், அது மரியாதை. பேசி முடித்த உடனே வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள், அது பாதுகாப்பு. குரல் பதிவு வேண்டாம். மூன்று வாரம் கழித்து யார் எதைச் சொன்னார் என்று தேடும்போது எழுத்துதான் உதவும்.

நான் முதலில் அனுப்பியது இப்படி இருந்தது: “அங்கிள், நேத்து ராத்திரி கள்ளன் வந்துட்டான், பயமா இருக்கு, கொஞ்சம் பாருங்க.” ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கும் அவரிடமிருந்து வந்த பதில்: “பயப்படாதே மா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.” அன்று வெள்ளி. அவர் மேல் தப்பில்லை. என்ன உடைந்தது, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று நான் எதுவுமே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எழுதினேன்:

“அங்கிள், வணக்கம். இன்று அதிகாலை 2.40-க்கு வீட்டுப் பின்கதவை யாரோ நெம்பி உடைக்கப் பார்த்தார்கள். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன், நகலும் படங்களும் கீழே. கதவின் நிலை பிளந்துவிட்டது, பின்கதவு இப்போது மூடாது. வீட்டில் அம்மாவும் குழந்தையும் இருக்கிறார்கள். இன்று மாலை 6 மணிக்குள் கதவு பூட்டும் நிலைக்கு வர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த தச்சர் இருந்தால் அனுப்புங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். மதியம் 12-க்குள் ஆள் கிடைக்கவில்லை என்றால், இங்கே உள்ள தச்சரை வைத்து நானே செய்து, ரசீதை உங்களுக்கு அனுப்பட்டுமா? சரி என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.”

இதில் கடைசி வரிதான் வேலை செய்தது. பதினைந்து நிமிடத்தில் “ஓகே மா, நீயே செய்துவிடு, எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்” என்று பதில் வந்தது. அந்த ‘ஓகே’ எழுத்தில் இருப்பது முக்கியம். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில், வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் பூட்டையோ கதவையோ மாற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘சிறு பழுதுகள் வாடகைக்காரர் பொறுப்பு’ என்றும் இருக்கலாம். அதைக் காட்டி மறுத்தால், இது நீங்கள் பயன்படுத்தியதால் வந்த பழுது அல்ல, குற்றத்தால் வந்த சேதம் என்பதற்கு உங்கள் கையில் ரிப்போர்ட் இருக்கிறது. கதவும் நிலையும் வீட்டின் பாகங்கள், நீங்கள் வீட்டைக் காலி செய்த பிறகும் அங்கேயேதான் இருக்கப்போகின்றன.

கோபத்தில் வாடகையைப் பிடித்துவைக்காதீர்கள். சம்மதம் இல்லாமல் வாடகையைக் குறைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும், பேச்சு கதவை விட்டு வாடகைக்குப் போய்விடும். செலவை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்வதாக இருந்தால் அதற்கும் எழுத்தில் ஒரு ‘ஓகே’ வாங்குங்கள். இன்னொன்று: “இவ்வளவு பேசினால் வீட்டைக் காலி செய்” என்று யாராவது மிரட்டினால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றி வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

தோட்டத்துக் கம்பெனி கொடுத்த குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே நீங்கள் வாடகைக்காரர் அல்ல, தொழிலாளர். தோட்ட ஆபீஸில் கிராணியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் ஆள்பலத் துறைக்குப் போகலாம், அங்கே தொழிலாளர் வீடமைப்புக்கான 446ஆம் சட்டத்தைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள்.

என்ன பழுது பார்க்கச் சொல்ல வேண்டும்

வீட்டுக்காரர் முதலில் சொன்னது, “ஹார்ட்வேர் கடையில் இருபத்தைந்து வெள்ளிக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிடு.” நிலையின் படத்தை மறுபடி அனுப்பி, “அங்கிள், பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது பிடித்துக்கொள்ள மரம் இல்லை” என்று எழுதினேன். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது.

குமிழ்ப் பூட்டின் நாக்கு ஸ்பிரிங்கில் ஓடுவது, நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. கதவுக்கும் நிலைக்கும் இடையில் இடைவெளி இருந்தால் ஒரு தடித்த பிளாஸ்டிக் அட்டையே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதற்கு மேலே தனியாக ஒரு டெட்போல்ட் பூட்டு வேண்டும். சாவி திருப்பினால் மட்டும் அசையும் அந்தக் கட்டை நாக்கு நிலைக்குள் ஒரு அங்குலம் இறங்கும், அட்டைக்கு மசியாது. ஆனால் அதையும் அரை அங்குலத் திருகில் நிற்கும் தகட்டுக்குள் விட்டால் பயனில்லை, ஓர் உதையில் தகடே பிய்ந்து வந்துவிடும். தச்சரிடம் இப்படிக் கேளுங்கள்: தடித்த தகடு, மூன்று அங்குலத் திருகு, அந்தத் திருகு நிலையைத் தாண்டிச் சுவருக்குள் பிளக் போட்டு இறங்க வேண்டும்.

அதற்கு முன் நிலையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள், முக்கியமாகத் தரையை ஒட்டி. பிஸ்கட் மாதிரி உள்ளே இறங்கினால் கறையான் தின்றிருக்கிறது. அந்த மரத்தில் எந்தத் திருகும் நிற்காது, அந்தப் பகுதியை வெட்டி மாற்றத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் கீழே ஒரு முழம் அப்படித்தான் இருந்தது. பிளந்த இடத்தையும் சேர்த்து ஒரு பக்கச் சட்டம் முழுவதையும் மாற்றினார் தச்சர். மரமும் கூலியும் நூற்று எண்பது வெள்ளி, டெட்போல்ட்டும் தகடும் எழுபது. மொத்தம் இருநூற்று ஐம்பது வெள்ளியையும் வீட்டுக்காரர் கொடுத்தார். பின்சந்தைப் பார்த்து ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு ஒன்றை என் செலவில் மாட்டிக்கொண்டேன், போகும்போது கழற்றி எடுத்துக்கொள்வேன் என்று அதையும் எழுதி வைத்தேன்.

கிரில்லில் தொங்கும் மங்கா பூட்டையும் பாருங்கள். அதன் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுக் கத்திரிக்கு ஒரு நொடி வேலை. வெல்டிங் கடையில் பூட்டைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி வைத்துத் தரச் சொன்னால், கத்திரியின் வாய் வளையத்தை எட்டாது.

வேலை முடிந்ததும் தச்சர் இருக்கும்போதே சோதியுங்கள். கதவைப் பூட்டி, பூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளுங்கள். ‘கடக் கடக்’ என்று ஆடினால் தகடு சரியான இடத்தில் உட்காரவில்லை, அப்போதே மாற்றி வைக்கச் சொல்லுங்கள். புதுச் சாவி எத்தனை, யாரிடம் எது என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதுங்கள். பழைய தகட்டையும் பிளந்த மரத்துண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கம்

அன்று மாலையே இரண்டு பக்கத்து வீட்டிலும் பின்வரிசையிலும் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிறகுதான் மூன்றாவது வீட்டு அண்ணன், போன வாரம் தன் பின்கதவிலும் கீறல் இருந்ததாகவும், பூனை என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். மறுநாள் அவரும் ரிப்போர்ட் கொடுத்தார். ஒரே வரிசையில் இரண்டு ரிப்போர்ட் இருந்தால் ரோந்து கேட்பது எளிது. ருக்குன் தெத்தாங்கா இருக்கும் தாமானாக இருந்தால் அதன் தலைவரிடம் இரண்டு எண்ணையும் கொடுங்கள். பின்சந்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படமெடுத்து நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கம்பம் என்று அவர்களால் தேட முடியாது.

ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் ஆன பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ரிப்போர்ட் எண், தேதி, உங்கள் பெயர், ஐசி எண் போட்டு நாலு வரிக் கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் பாலாய் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பிடிபடாமலே போகலாம், ஓடியவனின் முகத்தை யாரும் பார்க்காதபோது அது நடக்கிறதுதான். எனக்கு வந்த பதிலும் ‘இன்னும் விசாரணையில்’ என்பதுதான். அதையும் ரிப்போர்ட் நகல், ரசீது, படங்களோடு வாடகை ஒப்பந்தம் இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் நாளில் டெபாசிட் கணக்குப் பார்க்கும்போது, நிலைக்கதவில் ஏன் ஒரு பக்கச் சட்டம் மட்டும் புது மரம் என்று யாராவது கேட்டால் அந்தக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டியதுதான்.